யாருக்கு எந்தப் பெட்டி

மாரீஸ்வரிக்கு நாற்பத்து மூன்று வயது. தாராவியில் பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து, சயனில் ஒரு கல்லூரியில் பி.காம். முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்துவிட்டாள். கணவர் இசக்கிதுரைக்கு அம்பர்நாத்தில் ஒரு பம்ப் ஃபாக்டரியில் வேலை. அவர் காலையில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். இவள் எட்டு ஐம்பது லோக்கலைப் பிடித்து வாஷிக்குப் போவாள். கூட்டம் போகும் பக்கத்துக்கு எதிர்த்திசை என்பதால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். மான்குர்ட் தாண்டி ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறும்போது போனைப் பையில் போட்டுவிட்டு வெளியே பார்ப்பாள். அந்த நாலு நிமிஷம் யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டாள்.

அவள் வேலை பார்த்தது ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில். டேட்டா என்ட்ரி செய்பவளாகச் சேர்ந்து, பிறகு புது சாஃப்ட்வேரைத் தட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கும் டெஸ்டராகி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் புராஜெக்ட் கோஆர்டினேட்டர் ஆனாள். அந்தச் சமயத்தில் கம்பெனி ஒரு புது ஆப் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கிறவர்களுக்கான ஆப். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், யாரிடம் எந்த டெஸ்டுக்கு எடுக்க வேண்டும், எந்தக் குழாயில் எந்த பார்கோடு ஒட்ட வேண்டும், எல்லாம் அதில் வரும்.

"வேலை எந்த அளவுல இருக்குன்னு எல்லாரும் ஒரே இடத்துல பாக்கற மாதிரி ஒரு டேஷ்போர்டு போடுங்க" என்று சொன்னார் பிரம்மநாயகம். அவர்தான் ஆபரேஷன்ஸ் டைரக்டர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். கூட்டத்தில் இங்கிலீஷ், லிஃப்டில் இந்தி, தனியாக மாட்டினால் தமிழ்.

மாரீஸ்வரி ஒரு மாசம் உட்கார்ந்து செய்தாள். டெவலப்பர்கள் தினமும் தங்கள் வேலையைப் பதிகிற டிக்கெட் சிஸ்டத்திலிருந்து விவரங்களை இழுத்து, ஒரே பக்கத்தில் இருபத்தேழு பெட்டிகள் வைத்தாள். முடிந்தது எத்தனை சதவீதம், திறந்திருக்கும் பிழைகள் எத்தனை, எந்த டீம் எத்தனை பாயின்ட் முடித்தது, எந்த ஆள் எத்தனை டிக்கெட்டை மூடினார், இப்படி. டெவலப்பர்கள் உட்காரும் ஹாலில் ஒரு பெரிய டி.வி.யில் அது ஓடியது. அதே லிங்க் டைரக்டர்கள் ஐந்து பேருக்கும் போனது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டமும் கோடுமாக அந்தப் பக்கம் பளபளவென்று இருந்தது. ஒரு போட்டோ எடுத்து இசக்கிதுரைக்கு அனுப்பினாள். "ஏர்போர்ட் மாதிரி இருக்கு" என்று அவர் பதில் போட்டார்.

மார்ச் மாசம் ஒரு திங்கட்கிழமை காலை டைரக்டர்கள் கூட்டத்தில் பிரம்மநாயகம் அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறந்திருக்கும் பிழைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. போன வாரம் நூற்று நாற்பது.

"ஒரு வாரத்துல எழுபத்திரெண்டு கூடியிருக்கே, என்ன நடக்குது அங்கே?"

நடந்தது நல்ல விஷயம்தான். பார்கோடு பகுதி முடிந்து முதல் முறையாக டெஸ்டர்கள் கைக்கு வந்திருந்தது. அவர்கள் துருவித் துருவிப் பார்த்து எழுபது எண்பது பிழைகளைப் பதிந்திருந்தார்கள். அதில் பாதி எழுத்துப்பிழை, பட்டன் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்கிற வகை. நான்கே நான்குதான் பெரிய பிழைகள். இதை மாரீஸ்வரி சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொரு டைரக்டர், "வெள்ளிக்கிழமைக்குள்ள நூறுக்குக் கீழே வரணும்" என்று சொல்லிவிட்டார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை எண்ணிக்கை தொண்ணூற்று நான்காக இருந்தது. டைரக்டர்கள் பாராட்டி மெயில் போட்டார்கள்.

அடுத்த வாரம் சோதனை ஓட்டம். ஆபீஸ் ஆட்களின் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. சான்பாடாவில் ஒரு வீடு. கட்டடத்துக்குள்ளே நெட்வொர்க் இல்லை. அப்படிப்பட்ட இடத்திலும் ஆப் வேலை செய்ய வேண்டும். வேலை செய்தது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேரிடம் எடுத்தபோது கணவன் குழாய்க்கும் மனைவி குழாய்க்கும் ஒரே நம்பரைக் கொடுத்துவிட்டது. சோதனை என்பதால் கூடத்தில் கையால் சரிபார்த்து அங்கேயே பிடித்துவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த நான்கு பெரிய பிழைகளில் ஒன்று அது. இரண்டு வாரமாகப் பதிவில் இருந்தது.

மாரீஸ்வரி நேராக ஜெனிஷிடம் போனாள். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பத்துப் பையன். கல்யாணில் பிறந்து வளர்ந்தவன். டெவலப்பர்களில் அவளிடம் தமிழில் பேசுகிற ஒரே ஆள்.

"ஏன் ஜெனிஷ், இது பெரிய பிழைன்னு தெரியும்லா? இதை விட்டுட்டு வேற எதைப் பாத்தீங்க போன வாரம்?"

"எழுத்துப்பிழை அக்கா" என்றான் அவன். கொஞ்சமும் தயங்கவில்லை. "இதைச் சரி பண்ண எட்டு நாளு ஆவும். அந்த எட்டு நாளில எண்ணிக்கையில ஒண்ணுதான் குறையும். எழுத்துப்பிழைன்னா ஒரு நாளில இருவது முடிச்சிரலாம். நூறுக்குக் கீழ கொண்டு வரச் சொன்னாவ, கொண்டு வந்தோம்."

"அதுக்குன்னு..."

"இன்னொண்ணும் சொல்லிருதேன் அக்கா. எங்க டீமு இருபத்தொம்பது பாயின்ட்டு, அந்த டீமு நாப்பத்திரெண்டு, ஏன் எங்களுது கம்மின்னு கேட்டாவல்லா? இந்தத் தடவை நாங்க நாப்பத்தஞ்சு."

"வேலை கூடிருக்கா?"

"பாயின்ட்டு கூடிருக்கு. முந்தி மூணு போட்ட வேலைக்கு இப்ப அஞ்சு போடுதோம். அம்புட்டுதான்."

பாயின்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று ஒரு டீம் தனக்குள் போட்டுக்கொள்கிற மதிப்பு. அந்த டீமுக்கே அது உதவும். இன்னொரு டீமோடு ஒப்பிட அதில் எதுவும் இல்லை. டெஸ்டராக இருந்த காலத்திலிருந்தே மாரீஸ்வரிக்கு இது தெரியும். தெரிந்தும் இரண்டு டீமின் கோட்டையும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தது அவள்தான். பார்க்க அழகாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ரயிலில் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்தப் பையன்கள் ஏமாற்றவில்லை. டைரக்டர்களும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கண்ணுக்கு எதிரே எதை வைத்தாளோ அதைப் பற்றி அவர்கள் கேட்டார்கள், கேட்டதை இவர்கள் செய்தார்கள். வீட்டுக்குப் போய் இசக்கிதுரையிடம் முழுக் கதையையும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "சரி, அப்பம் அழிச்சிட்டு வேற போடு" என்றார். பிறகு டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அவள் அழிக்கவில்லை. முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி. "போன வாரம் இதுல எந்தப் பெட்டியைப் பாத்தீங்க? பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

டெவலப்பர்கள் பதினோரு பேரும் சேர்ந்து பார்த்தது நான்கு பெட்டி. டைரக்டர்கள் பார்த்தது மூன்று. மீதி இருபதும் யாருக்காக அங்கே எரிந்துகொண்டிருந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த இருபதில் ஒன்றுக்காக மட்டும் அவள் மூன்று நாள் உழைத்திருந்தாள்.

டெவலப்பர்களின் தலைவன் ராஹில். குர்லாக்காரன், எப்போதும் இந்தியில்தான் பேசுவான், இவளை தீதி என்று கூப்பிடுவான். அவன் கேட்டது தெளிவாக இருந்தது. காலையில் வந்ததும் நேற்று எழுதிய கோட் எல்லாம் சேர்ந்து ஒரே ஆப்பாக பில்ட் ஆனதா, உடைந்ததா என்று தெரிய வேண்டும். எழுதி முடித்து, இன்னொருவர் படித்துப் பார்ப்பதற்காகக் காத்திருக்கும் கோட் எத்தனை, எத்தனை நாளாக. கையில் எடுத்து முடியாமல் கிடக்கும் வேலைகளில் பழசு எது. வெளியே யாருக்காகவோ நின்றுபோன வேலை எது. பிழைகளில் பெரியவை மட்டும் தனியாக. சோதனைக்குப் போன ஆப் எங்கே பாதியில் நின்றுபோனது.

"தீதி, ஆளுக்கு ஆள் எத்தனை டிக்கெட் மூடினாங்கன்னு ஒரு பெட்டி இருக்கே, அதை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துருங்க" என்றான். "போன மாசம் ஜெனிஷ் ரெண்டு நாள் முழுக்க புதுசா வந்தவனுக்கு உதவி பண்ணினான். அந்த ரெண்டு நாளும் பெட்டியில அவன் பேருக்கு எதிரே பூஜ்யம். அதுக்கு அப்புறம் இங்க யாரும் யாருக்கும் உதவி பண்றதில்ல."

அதை அவள் அன்றைக்கே எடுத்துவிட்டாள்.

பிரம்மநாயகத்திடம் பேசுவது அவ்வளவு சுலபமாக இல்லை. அவருடைய அறைக்குப் போய், டைரக்டர்களுக்குத் தனிப் பக்கம், டெவலப்பர்களுக்குத் தனிப் பக்கம் என்று பிரிக்கப் போவதாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பிழை எண்ணிக்கையை எங்க பக்கத்துலேர்ந்து எடுக்கப்போறீங்க. அப்படித்தானே?"

"மொத்த எண்ணிக்கையை எடுக்கப்போறேன் சார். பெரிய பிழை மட்டும் வரும். அது என்ன பிழை, ஆப் வெளியில போறதை அது தடுக்குமான்னு ஒரு வரியில இருக்கும்."

"இருநூறு நூறு எல்லாம் எங்க கண்ணுல படக்கூடாதுன்னு அந்தப் பசங்க சொன்னாங்களா?"

மாரீஸ்வரிக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இருநூத்திப் பன்னெண்டைப் பாத்து நாம என்ன முடிவு எடுத்தோம்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள நூறுக்குக் கீழே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"அதைத்தான் சார் செஞ்சாங்க. சின்னச் சின்னதா மூடினாங்க. சான்பாடாவுல ரெண்டு குழாய்க்கும் ஒரே நம்பர் வந்ததே, அது அப்படியே கிடந்துச்சு."

"எங்களுக்கு எதையும் பூட்டக்கூடாது" என்றார் பிரம்மநாயகம்.

"பூட்டமாட்டேன் சார். ரெண்டு பக்கமும் ஒரே டிக்கெட்லேர்ந்துதான் எடுக்கும். உங்க பக்கத்துல எந்த வரியைத் தொட்டாலும் அவங்க பக்கத்துக்குப் போகும். அங்க பாக்கறதும் இங்க பாக்கறதும் வேற வேற கணக்கா இருக்காது."

"நாலு வாரம் பாக்கலாம்" என்றார்.

டைரக்டர்களின் பக்கத்தை அவள் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்தாள். 'எண்பது சதவீதம் முடிந்தது' என்ற பெட்டியை முதலிலேயே அடித்துவிட்டாள். அது ஆறு வாரமாக எண்பதிலேயே நின்றது. வேலை முடிய முடிய புது வேலை சேர்ந்துகொண்டே இருந்ததுதான் காரணம். அதற்குப் பதிலாக, ஆரம்பித்த பிறகு எத்தனை வேலை புதிதாகச் சேர்ந்தது, யார் கேட்டுச் சேர்ந்தது என்று ஒரு வரி வைத்தாள். ஒரே ஒரு தேதி போடாமல் இரண்டு தேதி போட்டாள். கடந்த பத்து வாரத்தில் வாரத்துக்கு எத்தனை வேலை முடிந்தது என்று பார்த்து, நல்ல வாரங்களின் வேகத்தில் போனால் ஜூலை ஆறு, மந்தமான வாரங்களின் வேகத்தில் போனால் ஜூலை இருபத்தேழு. அதற்குக் கீழே, இந்தத் தேதியைக் கெடுக்கக்கூடிய விஷயங்கள், சாதாரண வாக்கியத்தில். அதற்கும் கீழே, 'முடிவுக்காகக் காத்திருப்பவை' என்று ஒன்று.

அந்தக் கடைசிப் பகுதியை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். டெவலப்பர்களின் பக்கத்தில் ஒரு வேலை இருபத்து மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது. ரத்தம் எடுக்கிறவர்கள் கையோடு கொண்டுபோகும் சின்ன லேபிள் பிரிண்டர். இரண்டு மாடல் பார்த்து வைத்திருந்தார்கள். எது என்று தெரிந்தால்தான் அதற்குத் தகுந்த மாதிரி எழுத முடியும். தேர்ந்தெடுக்க வேண்டியவர் பிரம்மநாயகம். ராஹில் ஒரு மெயில் போட்டிருந்தான். பதில் வரவில்லை. பழைய டேஷ்போர்டில் இருபத்தேழு பெட்டிகளுக்கு நடுவே 'நின்ற வேலைகள்: 6' என்ற எண்ணுக்குள் இதுவும் இருந்தது. ஹாலில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் முணுமுணுத்தார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"பேர் போடாதீங்க தீதி" என்றான் ராஹில். "மேனேஜ்மென்ட் சைடு முடிவு பாக்கின்னு மட்டும் போடுங்க."

"அப்படிப் போட்டா அஞ்சு பேரும் மத்த நாலு பேருன்னு நெனச்சுக்குவாங்க."

"எங்க பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டா நல்லா இருக்குமா?"

இது நியாயமான கேள்விதான். இரண்டு நாள் அதை மனசில் போட்டு உருட்டினாள். ஜெனிஷ் பேருக்கு எதிரே பூஜ்யம் போட்டது அவனை எடை போடுவதற்கு. அந்தப் பூஜ்யத்தை வைத்து அவனும் ஒன்றும் செய்ய முடியாது, பார்க்கிறவரும் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே பேர் போட்டால், இந்தக் கதவைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியும். அது வேறு, இது வேறு. ஆனால் திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் அவர் முதல் தடவையாக அதைப் பார்க்கக்கூடாது. அது மட்டும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குப் போனாள்.

"சார், திங்கக்கிழமை புதுப் பக்கத்துல முதல் வரியிலயே உங்க பேர் இருக்கும். அதான் முன்கூட்டியே சொல்லிட்டுப் போகலாம்னு."

"என் பேரா? எதுக்கு?"

"லேபிள் பிரிண்டர் எதுன்னு நீங்க சொல்லணும். இருபத்தாறு நாள் ஆச்சு."

"எனக்கு எதுவும் வரலையே."

அவர் மெயிலில் தேடினார். இருந்தது. முன்னூறு மெயிலுக்கு அடியில், 'ஹார்டுவேர் இன்டக்ரேஷன் டிபென்டென்சி' என்ற தலைப்பில். அவர் அதைத் திறந்து படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"இதுல பிரிண்டர்னு ஒரு வார்த்தை எங்கம்மா இருக்கு?" என்றார்.

மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். நாலாவது வரியில் இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "இப்பவே சொல்ல முடியாது. வெயில்ல பைக்ல சுத்துறவங்க தூக்கிட்டுப் போகணும். பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு ரெண்டு பேர்கிட்ட கேக்கணும்" என்றார்.

"அப்ப பேரை எடுத்துரட்டுமா சார்?"

"எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும். என்கிட்டதானே நிக்குது."

திங்கட்கிழமை கூட்டத்தில் புதுப் பக்கம் திரையில் வந்தது. ஒரே பக்கம். கீழே உருட்ட வேண்டிய அவசியமில்லை. முதல் வரியைப் பார்த்து ஒரு டைரக்டர் இங்கிலீஷில் ஏதோ கேலி செய்தார். பிரம்மநாயகம், "ஆமா, நான்தான். புதன்கிழமை சொல்றேன்" என்றார். புதன்கிழமை சொன்னார். அன்று மாலையே ஜெனிஷ் அந்த வேலையைக் கையில் எடுத்தான். அந்தக் கூட்டம் வழக்கமாக ஒன்றரை மணி நேரம் நடக்கும். அந்தத் திங்கட்கிழமை நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மாரீஸ்வரி கீழே இறங்கிப்போய் அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கி நின்றபடியே குடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சாய் ருசியாக இருந்தது.

எல்லாம் சுகமாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மே மாசம் அவளே ஒரு தவறு செய்தாள். பழைய ஆப்பில் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் புது ஆப்புக்கு மாற்றும் ஒத்திகை, சில பேருக்குப் பிறந்த தேதி இல்லாததால், இரண்டு தடவை தோற்றுப்போனது. டெவலப்பர்களின் பக்கத்தில் அது சிவப்பாக இருந்தது. இது டெக்னிக்கல் சமாசாரம், அவர்களுக்கு எதற்கு, ராஹில் சரிசெய்துவிடுவான் என்று அவள் டைரக்டர்கள் பக்கத்தில் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் சுத்தமாக இருப்பது அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதுவும் ஒரு காரணம். மூன்றாவது ஒத்திகையில், அப்படிப் பிறந்த தேதி இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்யும் வேலைகளை டிக்கெட்டில் ஏற்றியதும் தேதிகள் தானாக நகர்ந்தன. திங்கட்கிழமை திறந்தால் ஜூலை இருபது முதல் ஆகஸ்ட் பத்து.

கூட்டம் முடிந்ததும் பிரம்மநாயகம் அவளைக் கூப்பிட்டார்.

"இது எப்ப தெரியும்?"

"முதல் ஒத்திகை பதினைஞ்சு நாளைக்கு முன்னாடி சார்."

"பதினைஞ்சு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா கஸ்டமர் கேர்லேர்ந்து ஆறு பேரை அனுப்பி போன் பண்ணிக் கேக்கச் சொல்லிருப்பேனே. அது உங்க பசங்களால முடியாது. என்னால முடியும். எனக்கு எதைக் காட்டணும்னு முடிவு பண்றேன்னு சொல்லிட்டு இதை விட்டுட்டீங்களே."

"என் தப்பு சார்" என்றாள்.

உண்மையிலேயே தப்புதான் என்று அவளுக்குத் தெரிந்தது. டெக்னிக்கலா, இல்லையா என்று பார்த்தது தவறு. தேதியை நகர்த்துமா, அவர்களால் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே ராஹிலோடு உட்கார்ந்து பேசினாள். டெவலப்பர்கள் தங்கள் டிக்கெட்டில் ஒரு குறி வைக்கலாம். குறி வைத்தால், தேதியைக் கெடுக்கக்கூடிய விஷயம் என்று அர்த்தம். அது அன்றைக்கே மேலே போய்விடும், திங்கட்கிழமைக்குக் காத்திருக்காது. மேலே போகும்போது ஒரு வாக்கியமும் சேர்ந்து போக வேண்டும், டெக்னிக்கல் வார்த்தை இல்லாமல். அந்த வாக்கியத்தை யார் எழுதுவது என்று கேட்டபோது எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். ஜெனிஷ் கையைத் தூக்கினான்.

முதலில் அவன் எழுதியது, 'மைக்ரேஷன் வேலிடேஷன் ஃபெயிலியர்.'

"இதை உன் அம்மைகிட்ட வாசிச்சா வெளங்குமா?" என்றாள் மாரீஸ்வரி.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி எழுதினான். 'நிறையப் பேருக்குப் பிறந்த தேதி இல்லை. அது இல்லாமல் ரிப்போர்ட்டில் வயதுக்கு ஏற்ற சரியான அளவு போட முடியாது. போன் செய்து கேட்க ஆள் வேண்டும்.' மறுநாளே ஆறு பேர் வந்தார்கள். பத்து நாளில் பெரும்பகுதி சரியாயிற்று.

நாலு வாரம் பார்க்கலாம் என்று சொன்ன பிரம்மநாயகம் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாரீஸ்வரியும் ஞாபகப்படுத்தவில்லை. பாயின்ட் கோட்டை ஒவ்வொரு டீமும் தன் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொண்டது. மூன்று போட வேண்டியதற்கு மூன்று போட ஆரம்பித்தார்கள். பெரிய பிழைகள் நான்கிலிருந்து ஒன்றாகி, பிறகு ஒன்றுமில்லாமல் ஆயின. திறந்திருக்கும் சின்னப் பிழைகள் அப்போதும் நூறுக்கு மேலேதான். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, நவி மும்பை முழுவதும் ஆப் போனது. காலை ஆறு மணிக்கே நாற்பத்தெட்டு பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார்கள். விடாத மழை. பதினோரு மணி சுமாருக்குப் பிரம்மநாயகம் மேல் மாடியிலிருந்து டெவலப்பர்கள் ஹாலுக்கு வந்தார். அந்த ஹாலுக்கு அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. பையன்கள் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு டி.வி.க்கு முன்னால் போய் நின்றார். மூலையில் ஒரு பெட்டி சிவப்பாக இருந்தது.

"இது என்னப்பா?" என்று பக்கத்தில் இருந்த ஜெனிஷைக் கேட்டார்.

"அது தானா ஓடுத சாஃப்ட்வேர் டெஸ்டு சார். அப்பப்ப காரணமில்லாம ஃபெயிலாவும், மறுபடி ஓட்டினா பாஸாவும். எதுன்னு கண்டுபிடிச்சிட்டிருக்கோம்."

"இன்னிக்கு வெளியில போன ஆப்புக்கு ஏதாவது ஆகுமா?"

"இல்ல சார். எங்களுக்குத்தான் தொல்லை."

"அப்ப சரி, உங்க தொல்லையை நீங்களே வச்சுக்கோங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போகும்போது மாரீஸ்வரியின் மேஜைப் பக்கம் நின்று, "இத்தனை பேர் எதைப் பாத்து வேலை செய்றாங்கன்னு இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார். பாராட்டு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மத்தியானம் கோபர்கைரணேயிலிருந்து ஒரு படம் வந்தது. மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் சின்ன பிரிண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். கையில் மூன்று குழாய், மூன்றிலும் வேறு வேறு நம்பர். ராஹில் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினான்.

ஐந்தே முக்காலுக்கு மாரீஸ்வரி கம்ப்யூட்டரை மூடினாள். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. குடைக்கு அடியில் ஒரு மீன்காரி போம்பில் மீன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரீஸ்வரி நாலு நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொண்டாள். வீட்டில் இசக்கிதுரை அரிசியைக் களைந்து வைத்துவிட்டு ஈர பேன்ட்டை ஃபேனுக்கு அடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் ஆப்பு போயிட்டா?" என்று கேட்டார்.

"போயிட்டு" என்றாள். மீன் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, கால் கழுவப் போனாள்.